ஹெட்ஹன்டருக்கு என்ன பதில் எழுதணும்? ஒரு மெசேஜ், ஒரு கணக்கு

எனக்கு 29 வயசு இருக்கும்போது லிங்க்ட்இன்ல ஒரு ஹெட்ஹன்டர் மெசேஜ் அனுப்பினார். "வேற வேலைக்கு மாற யோசிக்கிறீங்களா, எந்த மாதிரி ரோல்னா பரிசீலிப்பீங்க?"ன்னு கேட்டார். நான் பெருமையா ஒரே வரியில் பதில் போட்டேன்: "நல்ல வாய்ப்பு வந்தா ஓகே சார்." அவரிடமிருந்து அப்புறம் ஒரு போனும் வரல. ஆனா அடுத்த ஆறு மாசம் யார் யாரோ கூப்பிட்டு இன்ஷூரன்ஸ் விக்கிற வேலைக்கு வர்றீங்களான்னு கேட்டாங்க. தப்பு அவங்க மேல இல்லை. "நல்ல வாய்ப்பு"ன்னா என்னன்னு நான்தான் சொல்லவே இல்லையே!

போன வருஷம் இதே கேள்வியோட தி.நகர் பனகல் பார்க் பக்கத்துல இருக்கிற என் ஆபீசுக்கு ஒரு நண்பர் வந்தார். வயசு 34. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஆட்டோ உதிரிபாக கம்பெனியில் ஃபைனான்ஸ் மேனேஜர். குடும்பம் மேற்கு மாம்பலத்தில். அவருக்கும் ஒரு ஹெட்ஹன்டர் மெசேஜ் அனுப்பியிருந்தார். பதிலை டைப் பண்ணி வெச்சுட்டு, அனுப்பும் முன்னாடி ஒரு தடவை என்கிட்ட காட்ட வந்திருந்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்: "சீனியர் ரோல், நல்ல கம்பெனி, 30 சதவீத ஹைக்."

அதை அனுப்பியிருந்தா அவருக்கு ஏழு லட்சத்துக்கு மேல் கையை விட்டுப் போயிருக்கும். எப்படின்னு பார்ப்போம். அவர் அனுமதியோட எழுதுறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துட்டேன்.

முதல்ல, ஹெட்ஹன்டர் யாருக்கு வேலை செய்றார்?

சென்னைக்காரங்களுக்கு இந்தத் தொழில் புதுசு இல்லை. முன்னாள் அமைச்சர் பாண்டியராஜன் பேருக்கு முன்னாடி "மாஃபா"ன்னு ஒட்டிக்கிட்டு இருக்கே, அது அவர் 1992-ல் சென்னையில் தொடங்கின ஆள் தேடித் தரும் நிறுவனத்தோட பேர்தான்.

இந்தத் தொழிலில் காசு கொடுக்கிறது கம்பெனி. சாதாரண நியமனத்துக்கு நம்ம ஊர்ல வழக்கமா சொல்ற ஃபீஸ் 8.33 சதவீதம், அதாவது சேர்றவரோட ஒரு மாச சம்பளம். ரொம்ப மேல்மட்டப் பதவிகளுக்குத் தேடித் தர்றவங்க முதல் வருஷச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வாங்குவாங்க. உங்ககிட்ட ஒரு பைசா கேட்கக்கூடாது. கேட்டா அவர் ஹெட்ஹன்டரே இல்லை.

இதிலிருந்து ரெண்டு விஷயம் புரியணும். ஒண்ணு, அவர் உங்க ஏஜென்ட் இல்லை, கம்பெனியோட ஆள். ரெண்டு, உங்க சம்பளம் கூடினா அவர் ஃபீஸும் கூடும், ஆனா நீங்க கடைசி நிமிஷத்துல "வரல"ன்னு சொன்னா அவருக்குப் பெரும்பாலும் கஷ்டம்தான் மிச்சம். அதனால உங்க நிபந்தனைகளை அவர் முதல் நாளே கேட்டுக்க விரும்புவார். மூணாவது இன்டர்வ்யூ முடிஞ்ச பிறகு சொன்னா அதே நிபந்தனை பேரம் மாதிரி தெரியும். முதல் மெசேஜ்லயே சொன்னா அது வெறும் தகவல்.

"30 சதவீத ஹைக்"ல என்ன சிக்கல்?

நண்பரோட சிடிசி 30 லட்சம். அதைப் பிரிச்சுப் பார்த்தோம். பேஸிக் மாசம் 1,25,000, வருஷத்துக்கு 15 லட்சம். கம்பெனி கட்டுற பிஎஃப் 1.80 லட்சம். கிராஜுவிட்டின்னு சிடிசியில் காட்டுறது 72,150. வேரியபிள் போனஸ் 4 லட்சம். இதெல்லாம் போக, மாசாமாசம் நிச்சயமா வர்ற ஃபிக்ஸட் சம்பளம் (பேஸிக்கையும் சேர்த்து) வருஷத்துக்கு சுமார் 23.48 லட்சம்.

இப்போ 30 சதவீதம் ஹைக் கிடைச்சுதுன்னு வைங்க. புது சிடிசி 39 லட்சம். புது கம்பெனியில் வேரியபிள் கால்வாசின்னு வெச்சா 9.75 லட்சம். பேஸிக் பாதின்னா பிஎஃப் 2.34 லட்சம், கிராஜுவிட்டி 94 ஆயிரம். இதெல்லாம் கழிச்சா ஃபிக்ஸட் சுமார் 25.97 லட்சம். பழசோட ஒப்பிட்டா கூடினது 10.6 சதவீதம்தான்! அவர் கேட்டது 30, கம்பெனி கொடுத்ததும் 30. யாரும் பொய் சொல்லல. ஆனா இஎம்ஐ கட்டுற காசு கூடினது பத்து சதவீதம் மட்டும்.

அதனால மெசேஜில் சதவீதம் வேண்டாம். "ஃபிக்ஸட் இவ்வளவு, வேரியபிளும் பிஎஃப்பும் கிராஜுவிட்டியும் அதுக்கு மேல தனி"ன்னு ரூபாய்ல எழுதுங்க. நண்பர் 30 லட்சம் ஃபிக்ஸட்னு எழுதினார்.

இப்போதைய சம்பளம் கேட்டா உண்மையைச் சொல்லுங்க, ஆனா இதே மாதிரி பிரிச்சுச் சொல்லுங்க. பே ஸ்லிப்பும் ஃபார்ம் 16-ம் பின்னாடி எப்படியும் கேட்பாங்க. கூட்டிச் சொன்னது அங்கே மாட்டிக்கும்.

சேர்ற தேதியும் ஒரு நிபந்தனைதான்

நண்பர் அந்த கம்பெனியில் சேர்ந்தது 2020 ஜூலை 1. ஹெட்ஹன்டர் மெசேஜ் வந்தது 2025 பிப்ரவரி முதல் வாரம். நோட்டீஸ் 90 நாள். மார்ச் மத்தியில் ஆஃபர் வந்து அன்னிக்கே பேப்பர் போட்டா ஜூன் 12 கடைசி நாள். அவர் மனசுல இருந்த திட்டம் அதுதான்.

நான் அவரோட அப்பாயின்ட்மென்ட் லெட்டரையும் போனஸ் பாலிசியையும் வாங்கிப் படிச்சேன். ரெண்டு வரி கண்ணுல பட்டுது.

முதல் வரி போனஸ் பற்றியது. மார்ச்சோட முடியற நிதியாண்டுக்கான போனஸ், ஜூன் மாசச் சம்பளத்தோட வரும். பணம் தர்ற அன்னிக்கு ஊழியர் வேலையில் இருக்கணும், நோட்டீஸிலும் இருக்கக்கூடாது. அதாவது ஜூன் 30-க்கு முன்னாடி பேப்பர் போட்டாலே 4 லட்சம் கிடையாது. வருஷம் முழுக்க உழைச்சாச்சு, ஆனா காசு இல்லை. "நோட்டீஸில் இருக்கக்கூடாது"ங்கிற அந்த வார்த்தை எல்லா கம்பெனியிலும் இருக்காது. உங்க பாலிசியில் இருக்கான்னு இன்னிக்கே பாருங்க.

ரெண்டாவது வரி கிராஜுவிட்டி. அஞ்சு வருஷம் முடிஞ்சாதான் தருவோம்னு அவங்க பாலிசியில் இருந்தது. கணக்கு இப்படி: கடைசி மாச பேஸிக் பிளஸ் டிஏ, பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் எத்தனை வருஷம். அவருக்கு டிஏ இல்லை. 1,25,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தா 72,115. அஞ்சு வருஷத்துக்கு 3,60,577 ரூபாய். தனியார் ஊழியருக்கு 20 லட்சம் வரை இதுக்கு வரியும் கிடையாது.

இங்கே சிலர் கேட்பீங்க: "நாலு வருஷம் 240 நாள் போதும்னு சொல்றாங்களே?" ஆமாம், மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் 1998-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது அதுதான். அஞ்சாவது வருஷத்தில் 240 நாள் வேலை செஞ்சிருந்தா அதை முழு வருஷமா எடுத்துக்கணும்னு தீர்ப்பு. ஜூன் 12-ல் வெளியே வந்தாலும் நண்பர் அந்தத் தீர்ப்பைக் காட்டி கேட்டிருக்கலாம். ஆனா எல்லா எச்ஆரும் அதை ஏத்துக்கறதில்லை. ஏத்துக்கலைன்னா அதிகாரி முன்னாடி மனு போட்டு அலையணும். புது வேலையில் சேர்ந்த முதல் மூணு மாசத்தில் அந்த அலைச்சல் யாருக்கு முடியும்? பதினெட்டு நாள் பொறுத்தா கேள்வியே இல்லை.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கு. ஒரு குறிப்பிட்ட காலத்துக்குன்னு கான்ட்ராக்ட்ல சேர்ந்தவங்களுக்கு இப்போ ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி உரிமை உண்டு. நிரந்தர ஊழியருக்கு அந்த அஞ்சு வருஷ விதி அப்படியேதான் இருக்கு. பேஸிக் குறைவா வெச்சிருக்கும் கம்பெனியில் இருந்தா, கணக்குக்கு எடுக்க வேண்டிய ஊதியம் மாறியிருக்கலாம், அதையும் பார்த்துக்கோங்க.

ஆக, ஜூன் நடுவில் கிளம்பினா நஷ்டம் போனஸ் 4 லட்சம், கிராஜுவிட்டி 3.6 லட்சம், மொத்தம் 7.6 லட்சம். ஜூலை 1 அன்னிக்குப் பேப்பர் போட்டா செப்டம்பர் 28 கடைசி நாள், நஷ்டம் பூஜ்யம். அவ்வளவு பெரிய தொகை வெறும் ஒரு தேதியில் இருந்தது.

"அவ்வளவு நாள் கம்பெனி காத்திருக்குமா?"ன்னு கேட்டார். காத்திருக்கலாம், காத்திருக்காமலும் போகலாம். அதனாலதான் மெசேஜில் ரெண்டு வழியும் எழுதினோம். அக்டோபர்ல வந்தா எதுவும் வேண்டாம். ஜூன்லயே வேணும்னா நஷ்டத்தை அவங்க கொடுக்கணும்.

எவ்வளவு? 7.6 லட்சம்னு கேட்டா தப்பு. இதுதான் பல பேர் கோட்டை விடுற இடம். போனஸ் எங்கே வாங்கினாலும் வரி உண்டு, அதனால 4 லட்சத்துக்கு 4 லட்சம் சரி. ஆனா கிராஜுவிட்டி வரியில்லாத காசு. அதை புது கம்பெனி ஜாயினிங் போனஸா கொடுத்தா, 30 சதவீத அடுக்கில் இருக்கிறவருக்கு செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் வரியாப் போகும். கையில் 3,60,577 நிக்கணும்னா கேட்க வேண்டியது அதை 0.688-ஆல் வகுத்த தொகை, அதாவது சுமார் 5.24 லட்சம். ரெண்டும் சேர்த்து 9.24 லட்சம்.

ரோல், இண்டஸ்ட்ரி: பேரை விட வேலையைச் சொல்லுங்க

"சீனியர் ரோல்"னு அவர் எழுதியிருந்ததை அடிச்சோம். ஒரு கம்பெனியில் ஏஜிஎம் கீழே நாற்பது பேர் இருப்பாங்க. இன்னொரு கம்பெனியில் அதே ஏஜிஎம் தனியா உட்கார்ந்து எக்ஸெல் போட்டுக்கிட்டு இருப்பார். அதனால பதவிப் பேருக்குப் பதிலா நாலு கேள்விக்கு பதில் எழுதச் சொன்னேன். யாருக்கு ரிப்போர்ட் பண்ணுவேன்? எத்தனை பேர் எனக்குக் கீழே? எத்தனை ஃபாக்டரி கணக்கு என் கையில்? எந்த முடிவை நானே எடுக்கலாம்?

இண்டஸ்ட்ரிக்கு ரெண்டு "சரி", ஒரு "வேண்டாம்". அவருக்குத் தெரிஞ்சது காஸ்டிங், இன்வென்டரி, கஸ்டமரோட விலை பேசுறது. அது ஆட்டோ உதிரிபாகத்திலும் எலக்ட்ரானிக்ஸ் உற்பத்தியிலும் செல்லும். கடன் கொடுக்கும் நிறுவனங்களில் செல்லாது. அந்த "வேண்டாம்" வரி ரொம்ப முக்கியம். அது இருந்தா நீங்க யோசிச்சு எழுதியிருக்கீங்கன்னு எதிர்ப்பக்கத்துக்குத் தெரியும், தேவையில்லாத அழைப்பும் குறையும்.

இடத்துக்கும் அதே மாதிரிதான். அவர் அம்மாவுக்கு வாரம் ரெண்டு நாள் ஆஸ்பத்திரி போகணும். ஓசூரோ புனேயோ எவ்வளவு கொடுத்தாலும் முடியாது. முடியாதுன்னா முதல்லயே எழுதிடணும்.

அனுப்பின மெசேஜ்

இங்கிலீஷில்தான் அனுப்பினார். தமிழில் இதுதான்:

> வணக்கம் மேடம். தொடர்பு கொண்டதுக்கு நன்றி. இப்போது அவசரமாக வேலை தேடவில்லை. கீழே உள்ளவை பொருந்தினால் பேசத் தயார்.
>
> ரோல்: உற்பத்தி நிறுவனத்தில் ஃபைனான்ஸ் கன்ட்ரோலர். நேரடியாக சிஎஃப்ஓ-வுக்கு ரிப்போர்ட். குறைந்தது இரண்டு ஃபாக்டரி, 10 பேருக்கு மேல் டீம். விலை நிர்ணயத்திலும் முதலீட்டு முடிவிலும் என் கையெழுத்து இருக்க வேண்டும்.
>
> இண்டஸ்ட்ரி: ஆட்டோ உதிரிபாகம், எலக்ட்ரானிக்ஸ் உற்பத்தி. நிதி நிறுவனங்கள் வேண்டாம்.
>
> இடம்: சென்னையும் சுற்றுப்புறமும் மட்டும். குடும்பக் காரணம், மாறாது.
>
> சம்பளம்: இப்போது ஃபிக்ஸட் 23.48 லட்சம், வேரியபிள் 4 லட்சம். எதிர்பார்ப்பு ஃபிக்ஸட் 30 லட்சம். வேரியபிள், பிஎஃப், கிராஜுவிட்டி தனி.
>
> சேரும் தேதி: அக்டோபர் 1 என்றால் கூடுதலாக எதுவும் வேண்டாம். ஜூனிலேயே சேர வேண்டுமென்றால் விட்டுப் போகும் போனஸுக்கும் கிராஜுவிட்டிக்கும் ஈடாக 9.24 லட்சம். இடைப்பட்ட தேதி என்றால் நோட்டீஸ் பணம், வரி போக முழுதாக என் கைக்கு வர வேண்டும்.
>
> கம்பெனி பெயரைச் சொல்லி, என்னிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே என் ரெஸ்யூமேவை அனுப்பவும்.

கடைசி வரியைச் சும்மா போடல. உங்க ரெஸ்யூமே ரெண்டு ஹெட்ஹன்டர் வழியா ஒரே கம்பெனிக்குப் போனா, ஃபீஸ் யாருக்குன்னு சண்டை வரும். "நமக்கெதுக்கு வம்பு"ன்னு கம்பெனி உங்களையே ஒதுக்கிடும். அதை விட மோசம், அந்த ரெஸ்யூமே உங்க இப்போதைய கம்பெனி குரூப்புக்கே போய்ச் சேர்றது. அதே காரணத்துக்காக ஆபீஸ் மெயில்லயிருந்தும் ஆபீஸ் லேப்டாப்லயிருந்தும் இதை அனுப்பாதீங்க.

என்ன நடந்தது?

அந்த மேடம் மறுநாளே கூப்பிட்டார். கையில் இருந்த ரெண்டு இடத்தில் ஒண்ணு புனேயாம், அதை அவரே தள்ளிட்டார். இன்னொண்ணு எலக்ட்ரானிக்ஸ் உற்பத்தி. நாலு ரவுண்டு இன்டர்வ்யூ முடியவே மே மாசம் ஆயிடுச்சு. ஜூன் பேச்சே அடிபட்டுப் போச்சு. ஃபிக்ஸட் 29 லட்சத்தில் முடிஞ்சது. ஆனா செப்டம்பர் 1-ல் வரணும்னு கேட்டாங்க. அவர் ஜூலை 1 பேப்பர் போட்டா 28 நாள் நோட்டீஸ் குறையும்.

அவர் லெட்டர்படி குறையற நாளுக்கு முழு ஃபிக்ஸட் சம்பளக் கணக்கில் பிடிப்பாங்க. (சில கம்பெனியில் பேஸிக்ல மட்டும் பிடிப்பாங்க, உங்களுதைப் பாருங்க.) 28 நாளுக்கு 1,82,610 ரூபாய். பிடிச்ச இந்தத் தொகைக்கு ஃபார்ம் 16-ல் பொதுவா கழிவும் காட்டமாட்டாங்க. புது கம்பெனி "நாங்க 1.83 லட்சம் தர்றோம்"னு சொல்லிச்சு. அதில் வரி போனா கையில் 1.26 லட்சம்தான் வரும். மெசேஜில் "வரி போக முழுதாக"ன்னு எழுதியிருந்ததை நண்பர் ஞாபகப்படுத்தினார். சண்டை இல்லாம 2.65 லட்சமா மாத்திக் கொடுத்தாங்க.

ஆஃபர் லெட்டர் வந்ததும் மறுபடி என்கிட்ட வந்தார். ஒரு வரி உறுத்துச்சு. ஒரு வருஷத்துக்குள்ள வெளியே போனா அந்த 2.65 லட்சத்தையும் திருப்பித் தரணும். கையில் வாங்கினது 1.83, திருப்புறது 2.65. நடுவில் போன வரியை அடுத்த நிதியாண்டில் திரும்ப வாங்கறது லேசான வேலை இல்லை. "வேலை செஞ்ச மாசத்துக்கு ஏத்த மாதிரி குறையணும், கம்பெனியே அனுப்பினா திருப்ப வேண்டாம்"னு மாத்தித் தரக் கேட்டார். முதல் பாதிக்கு ஒத்துக்கிட்டாங்க, ரெண்டாவது பாதிக்கும் ரெண்டு நாள் கழிச்சு ஒத்துக்கிட்டாங்க. மாத்தின லெட்டர் கைக்கு வந்த பிறகுதான் ஜூலை 1 அன்னிக்குப் பேப்பர் போட்டார். ஜூன் சம்பளத்தோட போனஸ் முந்தின நாளே அக்கவுன்ட்ல விழுந்திருந்தது.

லெட்டர்ல வரணும்னு நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்னு அவருக்கு ஒரு வழக்கைச் சொன்னேன். இன்ஃபோசிஸ் சிஎஃப்ஓ-வா இருந்த ராஜீவ் பன்சால் 2015-ல் வெளியேறினப்போ பேசின பிரிவுத் தொகை 17.38 கோடி. சுமார் 5 கோடி கொடுத்த பிறகு மிச்சம் நிறுத்தப்பட்டது. விஷயம் நடுவர் மன்றத்துக்குப் போய், 2018-ல் மீதி 12.17 கோடியை வட்டியோட கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அவர்கிட்ட கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருந்தது. ஹெட்ஹன்டர்கிட்ட போன்ல பேசினதோ வாட்ஸ்அப்ல "பார்த்துக்கலாம் சார்"னு வந்ததோ ஒப்பந்தம் ஆகாது. நம்ம மெசேஜ் பேச்சைத் தொடங்கத்தான். அதில் உள்ள ஒவ்வொரு நிபந்தனையும் ஆஃபர் லெட்டர்ல ஒரு வரியா வந்திருக்கான்னு விரல் வெச்சுப் பாருங்க.

இன்னிக்கு உங்களுக்கு எந்த ஹெட்ஹன்டரும் மெசேஜ் அனுப்பியிருக்க மாட்டாங்க. பரவாயில்லை. அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்து மூணு விஷயம் மட்டும் குறிச்சு வைங்க: நோட்டீஸ் எத்தனை நாள், அதை எந்தச் சம்பளத்தில் பிடிப்பாங்க, போனஸ் எந்தத் தேதியில், என்ன நிபந்தனையில் வரும், உங்களுக்கு அஞ்சு வருஷம் என்னிக்கு முடியுது. மெசேஜ் வர்ற அன்னிக்கு இந்த மூணும் கையில் இருந்தா, பதில் எழுத அரை மணி நேரம் போதும்.

கணக்கில் சந்தேகம் இருந்தா கேளுங்க. அடுத்த வீடியோவில் ஆஃபர் லெட்டரை வரி வரியா எப்படிப் படிக்கிறதுன்னு பார்ப்போம்.